மீன் ஈல்டு டெஸ்ட்: சுத்தம் செய்து வெட்டிய மீனின் கிலோ அடக்க விலை

தண்டையார்பேட்டை கடை, சமையலறை
டெஸ்ட் செய்த தேதி: 11-02-2025, செவ்வாய்க்கிழமை
மீன் வாங்கியது: காசிமேடு, காலை ஏலத்தில்
எழுதியது: சமையலறைப் பொறுப்பாளர்
பார்க்க வேண்டியவர்கள்: முதலாளி, கொள்முதல் பார்க்கும் அண்ணன், கணக்கர்

நம்முடைய காஸ்டிங் ஷீட்டில் மீனுக்கு ஏல விலையைத்தான் போட்டு வருகிறோம். வஞ்சிரம் 850, கொடுவா 480. அந்த விலை தலை, குடல், செவுள், முள் எல்லாம் சேர்ந்த முழு மீனுக்கு. தட்டில் போவது துண்டு மட்டும்தான். அந்தத் துண்டு கிலோ என்ன விலைக்கு வந்து விழுகிறது என்று பார்க்கவே இந்த டெஸ்ட்.

எடை போட்ட விதம்: பில் எடையை அப்படியே எழுதினோம். மீன் வந்ததும் ஐஸ் தண்ணீரை வடியவிட்டுத் திரும்ப எடை போட்டோம். வெட்டும்போது ஒவ்வொரு பாகத்துக்கும் தனி ட்ரே. ட்ரே எடையைக் கழித்து, 5 கிராம் காட்டும் தராசில் போட்டோம். தினமும் வெட்டும் தம்பிதான் வெட்டினார், வழக்கமான கத்தி, வழக்கமான வேகம். டெஸ்டுக்கென்று கூடுதல் கவனத்தோடு வெட்டினால் அந்தக் கணக்கு மறுநாளே பொய்யாகிவிடும்.

1. வஞ்சிரம், பெரியது, ஒரு மீன் (ஸ்லைஸ்)

| பாகம் | எடை (கிலோ) | பில் எடையில் % |
|---|---|---|
| பில் எடை | 6.400 | 100 |
| ஐஸ் தண்ணீர் வடிந்தது | 0.090 | 1.4 |
| செவுள், குடல் | 0.640 | 10.0 |
| துடுப்பு, வால் நுனி | 0.170 | 2.7 |
| தலை (செவுள் எடுத்தது) | 0.880 | 13.8 |
| வால் பக்கம், வயிற்றுப் பக்கத் துண்டு | 0.560 | 8.8 |
| கழுவியதில், ரத்தத்தில் போனது | 0.130 | 2.0 |
| ஸ்லைஸ் | 3.930 | 61.4 |

மீன் விலை 6.400 × 850 = ₹5,440. ஐஸ், ஆட்டோ கிலோவுக்கு ₹25 வீதம் ₹160. மொத்தம் ₹5,600.

இதில் திரும்ப வருவது: தலை கிலோ ₹200 என்று ₹176. வால், வயிற்றுத் துண்டு குழம்புக்குப் போகிறது, கிலோ ₹450 என்று ₹252. சேர்த்து ₹428.

(5,600 − 428) ÷ 3.930 = கிலோ ₹1,316

850 ரூபாய் மீன் ஸ்லைஸாகும்போது 1,316. பெருக்கு எண் 1.55. ஏல விலை 900 ஆனாலும் 1,000 ஆனாலும் 1.55ஆல் பெருக்கினால் பத்து ரூபாய் முன்னே பின்னே சரியாக வரும். 3.930 கிலோவில் 25 ஸ்லைஸ் கிடைத்தது, ஒன்று சராசரி 157 கிராம். ஒரு ஸ்லைஸ் அடக்கம் ₹207. ஷீட்டில் இருப்பது ₹134. தவா ஃப்ரை ஒவ்வொன்றிலும் 73 ரூபாயை நாம் கணக்கிலேயே எடுக்கவில்லை.

தலைக்கு ₹200 போட்டதைப் பற்றி ஒரு வார்த்தை. தலைக்கறி விற்கும் சனி, ஞாயிறுக்குத்தான் அது நியாயமான விலை. வார நாளில் தலை ஸ்டாஃப் சாப்பாட்டுக்குப் போனால் அதைக் கழிக்கக் கூடாது. தலை, துண்டு எதையுமே கழிக்காவிட்டால் அடக்கம் கிலோ ₹1,425. விற்காத பொருளுக்கு விலை போட்டு அடக்கத்தைக் குறைத்துக் காட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

2. கொடுவா, இரண்டு மீன் (தோல் நீக்கிய போன்லெஸ், ஃபிஷ் 65க்கும் ஃபிங்கருக்கும்)

| பாகம் | எடை (கிலோ) | பில் எடையில் % |
|---|---|---|
| பில் எடை | 5.600 | 100 |
| ஐஸ் தண்ணீர் | 0.060 | 1.1 |
| செதில் | 0.210 | 3.8 |
| செவுள், குடல் | 0.560 | 10.0 |
| துடுப்பு | 0.130 | 2.3 |
| தலை | 1.240 | 22.1 |
| நடுமுள் | 0.760 | 13.6 |
| தோல் | 0.260 | 4.6 |
| முள்ளில் வழித்த சதை | 0.150 | 2.7 |
| கழுவியதில் போனது | 0.100 | 1.8 |
| போன்லெஸ் | 2.130 | 38.0 |

மீன் ₹2,688, ஐஸ் ஆட்டோ ₹140, மொத்தம் ₹2,828. திரும்ப வருவது: தலை ₹124, ஸ்டாக்குக்கு நடுமுள் ₹38, கட்லெட்டுக்கு வழித்த சதை ₹30, ஆக ₹192.

(2,828 − 192) ÷ 2.130 = கிலோ ₹1,238, பெருக்கு எண் 2.58

முதலாளி இந்த இடத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வஞ்சிரத்தின் விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வாங்கும் கொடுவா, போன்லெஸ் ஆகும்போது வஞ்சிர ஸ்லைஸைவிட கிலோவுக்கு 78 ரூபாய்தான் குறைவு. "விலை குறைந்த மீன்" என்று நாம் நினைத்துத்தான் ஃபிஷ் 65ஐ மெனுவில் கீழ் விலையில் வைத்திருக்கிறோம். 120 கிராம் ப்ளேட்டுக்கு ஷீட்டில் மீன் செலவு ₹58. நிஜம் ₹149. எண்ணெய், மசாலா, கேஸ் இதற்கு மேல். அதிகம் ஓடும் ஐட்டம் இதுதான் என்பதால் இங்கேதான் முதலில் கை வைக்க வேண்டும்.

வெட்டும் தம்பி மேல் குறை இல்லை. முள்ளில் ஒட்டியிருந்த சதையை வழித்துப் பார்த்தோம், 150 கிராம்தான். கொடுவாவின் தலையே பெரிது, எடை அங்கே போகிறது.

3. சிறிய வஞ்சிரம், இரண்டு மீன் (ஒப்பிட்டுப் பார்க்க)

பில் எடை 4.800 கிலோ, விலை 720, ஐஸ் ஆட்டோ சேர்த்து ₹3,576. ஸ்லைஸ் 2.690 கிலோ, 56 சதவீதம். தலை, துண்டு ₹401 கழித்து கிலோ ₹1,180.

ஈல்டு பெரிய மீனைவிடக் குறைவுதான், ஆனாலும் அடக்கத்தில் சிறியதே ஜெயிக்கிறது. பெரியது 850 விற்கும் நாளில் சிறியது 795 வரை இருந்தால் வாங்கலாம், அதைத் தாண்டினால் பெரியதையே எடுங்கள் அண்ணே. ஸ்லைஸ் வட்டம் சின்னது, ஒன்று 75 கிராம் அளவுதான் வரும். ஆகவே மீல்ஸோடு கொடுக்கும் வறுவலுக்கும் குழம்புக்கும் சிறியது, தவா ஃப்ரைக்குப் பெரியது.

இன்றிலிருந்து ஷீட்டில் போட வேண்டியது

கணக்கர் தம்பி, ஏல விலை பத்தியை அழிக்காமல் பக்கத்தில் இந்த விலைகளைச் சேருங்கள்: வஞ்சிரம் ஸ்லைஸ் சனி, ஞாயிறு ₹1,316, வார நாளில் தலையை மட்டும் விட்டுக் கணக்கிட்டு ₹1,361. கொடுவா போன்லெஸ் ₹1,238. எல்லாம் பச்சை எடைக்கு. வறுத்தபின் எடை குறைவதை இதில் சேர்க்கவில்லை, மெனுவில் நாம் சொல்வதும் பச்சை எடைதான்.

மீன் வாசலுக்கு வந்ததும் தண்ணீர் வடித்து எடை போடுவது இனி தினசரி வேலை. வஞ்சிரத்தில் போன 90 கிராம் தண்ணீருக்கு மட்டும் ₹76 கொடுத்திருக்கிறோம். 2 சதவீதத்துக்கு மேல் வடிந்தால் அன்றே கொள்முதல் அண்ணனிடம் சொல்லி, கொடுத்தவரிடம் பேசித் தீர்க்க வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, பெரிய மீன் வரத்து குறையும், விலை ஏறும், நாம் ஐஸ் சரக்கு எடுக்க வேண்டியிருக்கும். ஐஸில் இருந்த மீனில் தண்ணீர் கூடுதலாக இறங்கும், 1.55 நிற்காது. எனவே அடுத்த டெஸ்ட் தடைக்கால முதல் வாரத்தில். அதற்கிடையில் வெட்டும் ஆள் மாறினாலோ, 4 கிலோவுக்குக் கீழான மீன் தொடர்ந்து வந்தாலோ, அப்போதே ஒரு டெஸ்ட் போட்டுவிடுவோம்.