பொருள்: தொட்டி ஆய்வறிக்கை – 5-ஆம் பக்கம் சொல்கிறீர்கள், எங்களுக்கு வந்தது 3 பக்கம்

வணக்கம் ஐயா,

நேற்று மாலை நீங்கள் அனுப்பிய மேல்நிலைத் தொட்டியின் ஆய்வறிக்கை கிடைத்தது. நன்றி. “எந்த விரிசலை எதைக் கொண்டு அடைப்பது என்பதற்கு 5-ஆம் பக்கம் பார்க்கவும்” என்று மின்னஞ்சலில் எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கு வந்த பிடிஎஃப் கோப்பில் மொத்தமே மூன்று பக்கங்கள்தான் இருக்கின்றன. அறிக்கையை முழுவதுமாக இன்னொரு முறை அனுப்பித் தர வேண்டுகிறேன். வியாழன் காலை ஆட்கள் வருகிறார்கள். புதன் மதியத்துக்குள் கிடைத்துவிட்டால் வேலை தள்ளிப்போகாது.

கோளாறு எங்கள் பக்கம் இருக்குமோ என்றுதான் முதலில் பார்த்தேன். கோப்பை அழித்துவிட்டு மறுபடி பதிவிறக்கினேன். கணினியிலும் கைபேசியிலும் திறந்தேன். இரண்டிலும் 3 / 3 என்றே காட்டுகிறது. பதிவேற்றம் பாதியில் அறுந்திருந்தால் பெரும்பாலும் கோப்பு திறக்காது, அல்லது பிழைச் செய்தி வரும். இது சுத்தமாகத் திறக்கிறது. அதனால் ஸ்கேன் செய்தபோதே பக்கங்கள் விடுபட்டிருக்கின்றன என்று நினைக்கிறேன்.

எனக்குத் தெரிந்தவரை நடந்தது இதுதான். அறிக்கை தாளின் இரண்டு பக்கமும் அச்சாகியிருக்கிறது. ஸ்கேனர் முன்பக்கங்களை மட்டும் எடுத்திருக்கிறது. இதற்கு அடையாளம் கோப்பிலேயே இருக்கிறது. முதல் படத்தின் கடைசி வரி “கிழக்குச் சுவரின் அடிப்பகுதியில் காணப்படும் கசிவு” என்று பாதியில் நிற்கிறது. இரண்டாவது படமோ சுவர்களின் வரைபடத்தோடு தொடங்குகிறது; அந்த வாக்கியத்தின் மிச்சம் அதில் எங்குமே இல்லை. அந்த இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், வெற்றிடமாக இருக்கும் கீழ்ப்பகுதியில் மெல்லிய சாம்பல் நிறத்தில் கட்டம் கட்டமாகக் கோடுகள் தெரிகின்றன. எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறியிருக்கின்றன. பின்பக்கத்து மை தாளின் வழியே கசிந்து தெரிகிறது. அங்கே ஓர் அட்டவணை இருக்கிறது, எங்களால்தான் படிக்க முடியவில்லை.

அப்படியானால் எங்களிடம் இருப்பவை 1, 3, 5 ஆகிய பக்கங்களாக இருக்கலாம். மூன்றாவது படமே நீங்கள் சொல்லும் 5-ஆம் பக்கமாகவும் இருக்கலாம். தாளின் அடிவிளிம்பு ஸ்கேனில் வெட்டுப்பட்டுவிட்டதால் பக்க எண் எதிலும் தெரியவில்லை. உறுதி செய்துகொள்ள வழியில்லை.

அதுவே 5-ஆம் பக்கம் என்று வைத்துக்கொண்டாலும் அதை வைத்து வேலை செய்ய முடியாது, ஐயா. அதில் இருக்கும் அட்டவணை 4-ஆம் எண் விரிசலில் தொடங்கி 11-இல் முடிகிறது. தலைப்பு வரிசை இல்லை. எண், அகலம், கடைசியில் ஓர் எழுத்து, இவ்வளவுதான் ஒவ்வொரு வரியிலும். 7-ஆம் விரிசலுக்கு 0.6 மி.மீ., பக்கத்தில் “ஆ”. 9-ஆம் விரிசலுக்கு 0.3 மி.மீ., பக்கத்தில் “அ”. 10-க்கு மட்டும் “இ”. இந்த எழுத்துகள் எந்தெந்த முறையைக் குறிக்கின்றன என்ற விளக்கம் முந்தைய பக்கத்தில் இருக்க வேண்டும். 1, 2, 3 ஆகிய விரிசல்களும் அங்கேதான் இருக்க வேண்டும். வரைபடத்தின்படி அந்த மூன்றும் கிழக்குச் சுவரில் இருக்கின்றன. அதிகமாகக் கசிவது அந்தச் சுவர்தான்.

“அ” என்றால் எபாக்சி, “ஆ” என்றால் நெகிழ்ந்து கொடுக்கும் சீலண்ட் என்று ஊகிக்கத் தோன்றுகிறது. எங்கள் மேஸ்திரியும் அதையேதான் சொன்னார். ஆனால் ஊகத்தை நம்பித் தொட்டிக்குள் இறங்க எனக்கு மனமில்லை. வெயிலுக்கும் நீரின் பாரத்துக்கும் விரிந்து சுருங்கும் விரிசலில் கெட்டியாகிவிடும் எபாக்சியைச் செலுத்தினால், அந்த இடம் தாங்கும், பக்கத்தில் புதிதாகப் பிளக்கும். ஈரம் வற்றாத விரிசலில் சாதாரண எபாக்சி சரியாகப் பிடிக்காது. அங்கே தண்ணீரோடு சேர்ந்து நுரைத்து விரியும் பாலியூரித்தேன் தேவைப்படலாம். எது அசைகிறது, எது அடங்கிவிட்டது, எது இன்னும் ஈரமாக இருக்கிறது என்பதை அளந்து பார்த்தவர் நீங்கள். ஒருமுறை அடைத்தபின் தவறு என்று தெரிந்தால் கான்கிரீட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

முன்பு வேறொரு வேலையில் பின்னிணைப்பு வராத வரைபடத்தை வைத்து, “இப்படித்தான் இருக்கும்” என்று நானே முடிவு செய்து கம்பி கட்ட வைத்தேன். பின்னிணைப்பு வந்த அன்று இரண்டு நாள் வேலையைப் பிரித்துப் போட்டோம். பிரித்தவர்களின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கோப்பைத் தளத்தில் யாருக்கும் அனுப்பவில்லை. மூன்று பக்கங்களைக் கையில் கொடுத்துவிட்டால் அதுவே முழு அறிக்கை என்று எடுத்துக்கொள்வார்கள்.

அறிக்கையைத் தட்டச்சு செய்த மூலக் கோப்பு உங்கள் கணினியில் இருந்தால், அதிலிருந்தே நேராகப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புவது எல்லாவற்றையும்விட நல்லது. பக்கமும் விடுபடாது, எழுத்தும் தெளிவாக இருக்கும். தாள் மட்டும்தான் இருக்கிறது என்றால் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து, பக்க எண் தெரியும்படி அடிவிளிம்பையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் வெளியில் இருந்தால், வரைபடம் உள்ள தாளின் பின்பக்கத்தை மட்டுமாவது இன்று கைபேசியில் படம் எடுத்து அனுப்புங்கள். மற்றவை பிறகு வந்தாலும் பரவாயில்லை. தொலைபேசியில் படித்துச் சொல்வது மட்டும் வேண்டாம் ஐயா. “அ”வும் “ஆ”வும் தளத்துச் சத்தத்தில் ஒன்றாகவே கேட்கும்.

மொத்தம் எத்தனை பக்கங்கள் என்பதையும் மின்னஞ்சலில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். வந்ததும் எண்ணிப் பார்த்து “கிடைத்தது” என்று பதில் போடுகிறேன். ஒருவேளை நீங்கள் சொன்ன 5-ஆம் பக்கம் இந்த அறிக்கையில் இல்லாமல் வேறு கோப்பில் இருந்தால், அதையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

அதுவரை நாங்கள் சும்மா இருக்கப் போவதில்லை. தொட்டியைக் காலி செய்துவிட்டோம், அடியில் தங்கிய வண்டலை இன்று அள்ளுகிறார்கள். நாளை உள்சுவர்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவி உலரவிடுவோம். வரைபடத்தில் உள்ள எண்களின்படி பதினொரு விரிசல்களுக்கும் பக்கத்தில் சாக்கட்டியால் எண் எழுதி, படம் எடுத்து உங்களுக்கு அனுப்புகிறேன். இடம் மாறியிருந்தால் நீங்கள் பார்த்துச் சொல்லலாம். விரிசல்களை வாய் பிளந்து வெட்டுவதையும் அடைப்பதையும் மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன். பொருள் வாங்குவதும் உங்கள் அட்டவணை வந்த பிறகுதான்.

புதன் மதியம் வரை வராவிட்டால் நானே உங்களை அழைக்கிறேன். அப்போதும் கிடைக்காத நிலை என்றால், வியாழன் வரும் ஆட்களை வெளிப்புறப் பூச்சு வேலைக்குத் திருப்பிவிட்டு, உள்வேலையைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்கிறேன்.

இரண்டாவது படத்தில் பின்பக்கத்துக் கோடுகள் தெரியும் இடத்தைச் சிவப்பு வட்டமிட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். எந்தத் தாள் என்று உங்கள் அலுவலகத்தில் தேடி எடுக்க அது உதவும்.

அன்புடன்,
தளப் பொறியாளர்
மேல்நிலைத் தொட்டிப் பழுதுபார்ப்புப் பணி

இணைப்பு: 1 படம்