அப்பாவின் அறுபதாவது பிறந்தநாள்: நான் பேச வேண்டியது

(சாப்பாட்டுக்கு முன்னால் பேசிவிட வேண்டும். பசியில் இருப்பவர்கள் சீக்கிரம் சிரிப்பார்கள், சாப்பிட்டவர்கள் தூங்குவார்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மைக் வாங்கியதும் "ஹலோ, ஹலோ" வேண்டாம். எல்லோரும் உட்காரும் வரை சும்மா நில்.)

எல்லோருக்கும் வணக்கம். கையில் டம்ளர் இல்லாதவர்கள் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், ஜூஸோ தண்ணீரோ எதுவானாலும் சரி. ஆனால் இப்போதே குடித்துவிட வேண்டாம். கடைசியில் எல்லோரும் சேர்ந்து உயர்த்த வேண்டும்.

(பெரியப்பாவைப் பார்.)

பெரியப்பா, பரவாயில்லை. இன்னொரு டம்ளர் வரும்.

(அவர் ஏதாவது பதில் சொல்வார். சொல்லட்டும். போட்டிக்குப் போகாதே, அவர்தான் ஜெயிப்பார்.)

அப்பாவுக்கு இன்று 60. வியாழன் கிரகம் சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 12 வருடம் ஆகும். சனிக்கு இருபத்தொன்பதரை வருடம். அப்படியென்றால் அப்பா பிறந்ததிலிருந்து வியாழன் ஐந்து சுற்று முடித்திருக்கிறது, சனி இரண்டு.

(நிறுத்து. பாடம் எடுக்கிறாள் என்று நினைக்கட்டும்.)

ஆனால் வெளியே கிளம்பும்போது வீட்டைப் பூட்டினோமா என்று பார்க்க அப்பா சுற்றிய சுற்றுக்கு மட்டும் கணக்கே கிடையாது.

(சிரிப்பு அடங்கும் வரை காத்திரு. சிரிக்காவிட்டால் நிற்காமல் அடுத்த வரிக்கு ஓடிவிடு.)

நாங்கள் எல்லோரும் காரில் ஏறியிருப்போம். அப்பா பூட்டைப் பிடித்து இழுப்பார். இரண்டு படி இறங்குவார். திரும்பிப் போய் மறுபடி இழுப்பார். அப்புறம் காரில் உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுவிட்டு, "கேஸை மூடினோமா?" என்பார். அம்மா பதிலே சொல்ல மாட்டார், கதவை மட்டும் திறந்துவிடுவார். போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று.

(இங்கே அம்மா தலையில் கை வைப்பார். எல்லோரும் அதைப் பார்க்க நேரம் கொடு.)

அப்பா ஸ்டோர் கீப்பராக வேலை பார்த்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். குடோனை அங்கேயே விட்டுவிட்டு வந்ததாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் யாராவது சுவர்க் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? பேட்டரி மேல் மார்க்கர் பேனாவில் அதைப் போட்ட தேதி இருக்கும். பல்பைக் கழற்றினால் அடியில் தேதி. தண்ணீர் ஃபில்டரில் தேதி. என் மகனுக்கு முதல் பல் விழுந்தபோது அதைக் காகிதத்தில் மடித்து, மேலே தேதி, அடைப்புக்குறிக்குள் "கீழ்வரிசை".

(சின்ன இடைவெளி. கணவர் பக்கம் திரும்பு.)

இவர் முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, அப்பா போன் நம்பர் எழுதிக்கொள்ளத்தான் பேனாவை எடுத்தார். விஷயம் தெரிந்த என் தம்பி இவர் காதில், "அசையாதீங்க, எழுதிட்டு விட்டுடுவார்" என்றான்.

(இதற்குக் கட்டாயம் சிரிப்பார்கள். நீ முன்கூட்டியே சிரித்துவிடாதே.)

இத்தனை தேதி எழுதியவர் கல்யாண நாளை மட்டும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அதைக் கேட்டேன். "அதுக்கு உங்க அம்மா இருக்காளே" என்றார். உண்மைதான். முதல் நாள் காலையிலிருந்தே அம்மாவின் குரலில் அது தெரிய ஆரம்பித்துவிடும்.

ஸ்டோர்காரர்களுக்கு ஒரு விதி உண்டு. முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போக வேண்டும். காலையில் குளியலறைக்கும் எங்கள் வீட்டில் இதே விதிதான். முதலில் எழுந்தவருக்கு முதல் முறை, மேல்முறையீடு கிடையாது. இந்த விதிப்படி மூத்தவள் நான் படிப்புக்காக முதலில் வீட்டை விட்டுக் கிளம்பினேன். தம்பி இன்னும் ஸ்டாக்கில்தான் இருக்கிறான்.

(தம்பி எழுந்து கும்பிடு போடுவான். போட்டு முடிக்கட்டும். இங்கிருந்து வேகத்தைக் குறை. குரலையும்.)

ஹாஸ்டலுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அப்பாவின் உருண்டை உருண்டையான கையெழுத்து. மேலே தேதி. கீழே வரிசையாக: துண்டு 2, போர்வை 1, குடை 1, பூட்டு 1, சாவி 2. கடைசியில் அடிக்கோடு போட்டு, "விடுமுறைக்கு வரும்போது அனைத்தும் வந்து சேர வேண்டும்." பக்கத்துக் கட்டில் பெண் அதைப் படித்துவிட்டு, "உங்க வீட்ல ரசீது ஏதும் கேட்பாங்களா?" என்றாள்.

(சிரிப்பு சின்னதாக வரும். அதன் மேலேயே பேசிக்கொண்டு போ.)

முதல் விடுமுறைக்கு வந்தேன். வாசலிலேயே பெட்டியைத் திறந்து வைத்தார். துண்டு, சரி. போர்வை, சரி. ஒவ்வொன்றுக்கும் டிக். குடை மட்டும் இல்லை. திட்டு விழும் என்று நின்றுகொண்டிருந்தேன். அப்பா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, நீ வந்துட்ட இல்ல" என்று பேனாவை மூடிவிட்டார்.

(நில். இரண்டு மூச்சு. அப்பாவைப் பார்க்காதே, பார்த்தால் உன்னால் பேச முடியாது. பின் வரிசையைப் பார். தொண்டை அடைத்தால் தண்ணீர் குடி, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.)

அம்மாவைப் பற்றி நிறையப் பேச வேண்டும், ஆனால் "என்னைப் பற்றி ஒரு வார்த்தை வரக் கூடாது" என்று காலையிலேயே எச்சரித்துவிட்டார். ஆகவே இதை மட்டும் சொல்கிறேன். அப்பா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் முதல் மாதம் இது. அலமாரியில் இருக்கும் டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்கலாமே என்று மூன்றாம் நாளே யோசனை சொல்லியிருக்கிறார். அவர் இன்று நல்ல ஆரோக்கியத்துடன் இங்கே உட்கார்ந்திருக்கிறார் என்றால், அது முழுக்க முழுக்க அம்மாவின் பொறுமை.

(கைதட்டல் வரும். இப்போது மட்டும் அப்பா பக்கம் திரும்பு.)

அப்பா, உங்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இத்தனை வருடம் எங்களுக்காக அலாரம் வைத்து எழுந்தீர்கள். இனி எங்களுக்கு முன்னால் எழ வேண்டாம். ரயில் பத்து மணிக்கு என்றால் ஏழு மணிக்கே ஸ்டேஷனில் நிற்கவும் வேண்டாம். ஒருமுறையாவது ஓடிப்போய் ஏறிப் பாருங்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கும். முட்டி வலிக்கிறது என்றால் "ஒண்ணுமில்ல" என்று சொல்லாமல், வலிக்கிறது என்றே சொல்லுங்கள். பழுதான சாமான்கள் மட்டும்தான் இதுவரை உங்களிடம் வந்தன. இனி நீங்களும் எங்களிடம் வரலாம்.

(டம்ளரைக் கையில் எடு. எல்லோரும் எழுந்து நிற்கும் வரை காத்திரு. பாட்டி எழ வேண்டாம் என்று சொல்லிவிடு, கேட்க மாட்டார்.)

சரி, எல்லோரும் டம்ளரை உயர்த்துங்கள். எங்களைத் தூக்கிச் சுமந்தவருக்கு, எங்கள் பரீட்சைக்கு எங்களைவிட அதிகமாகப் பயந்தவருக்கு, தன் பிறந்தநாளுக்குச் சட்டை எடுக்கச் சொன்னால் "இருக்கிறதே போதும்" என்று சொல்லி, இன்று எங்கள் கட்டாயத்தால் இந்த நீலச் சட்டையில் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு!

அப்பாவுக்கு, அறுபதுக்கு!

(எல்லோரும் குடித்ததும் மைக்கை அப்பாவிடம் கொடுக்காதே. "ரெண்டே வார்த்தை" என்பார், சாப்பாடு ஆறிவிடும். நேராகச் சித்தப்பாவிடம் கொடு, பந்தி தயார் என்று அவர் அறிவிக்கட்டும்.)