PTT-யில் தொடங்கும் கோப்புகள்

பேட்டரி உப்பி, கைப்பேசியின் பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. சார்ஜ் போடாதே, வெடிக்கும் என்று பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எல்லாரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். ஆனால் குமரனுக்குக் கடை என்றாலே பயம். ஜெலுத்தோங்கில் ஒரு கடைக்காரர், "பேட்டரி மாத்தலாம் தம்பி, உள்ள இருக்கிறதுக்கு நான் பொறுப்பில்ல" என்றதும், சட்டென்று கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

உள்ளே இருந்தது அப்பாவின் குரல்.

அப்பா தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். அந்தத் தடித்த விரலுக்கு வாட்சப் எழுத்துகள் அகப்படாது, அதனால் எதுவானாலும் மைக்கை அழுத்திப் பேசிவிடுவார். "ஐயா, பசியாறிட்டியா?" "ஐயா, பாலத்துல ஜேம், ரெண்டாவது பாலத்துல போ." "தைப்பூசத்துக்கு லீவு சொல்லிட்டியா? தண்ணீர்மலைக்கு நடந்தே போயிடுவோம்." பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் தொண்டையைச் செருமுவார், மேடையில் மைக்கைக் கையில் கொடுத்த மாதிரி. அந்தச் செருமலுக்காகவே குமரன் ராத்திரியில் கேட்பான், ஹெட்செட் போட்டுக்கொண்டு, அம்மாவுக்குத் தெரியாமல்.

கடைசியில் கூட வேலை செய்யும் சங்கர்தான் மடிக்கணினியோடு பிறையில் இருக்கும் குமரன் வீட்டுக்கு வந்தான். "டேய், இதெல்லாம் சாதாரண ஆடியோ கோப்புடா" என்று கேபிளைச் சொருகி, ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து, WhatsApp Voice Notes-இல் போய் நின்றான். PTT-20230412-WA0009.opus. இப்படியே வரிசையாக. பெயரில் அப்பாவும் இல்லை, ஒன்றும் இல்லை, தேதி மட்டும். எல்லாவற்றையும் மடிக்கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, கூகல் டிரைவில் ஒன்று என்று ஏற்றி முடிக்கும்வரை குமரன் யாரையும் அந்த மேசைக்குப் பக்கத்தில் விடவில்லை.

"திறக்குதான்னு ஒன்னு போட்டுப் பாரு" என்றான் சங்கர். குமரன் வேண்டாம் என்று சொல்வதற்குள் அழுத்திவிட்டான்.

செருமல். "ஐயா, கிளினிக்லதான் இருக்கேன். டாக்டர் இன்னும் கூப்பிடல. அம்மாகிட்ட சொல்லிடு."

சமையற்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள். அழப்போகிறாள் என்று குமரன் எழுந்தான், இதற்காகத்தானே இவ்வளவு நாளும் அவளிடம் காட்டாமலே வைத்திருந்தான்.

"மறுபடியும் போடு. சத்தமா."

சங்கர் போட்டான். அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். அப்பாவின் குரலுக்குப் பின்னால், தூரத்தில், யாரோ கத்துகிறார்: "தே தாரிக் சத்து, மானிஸ் லெபே!" எத்தனையோ ராத்திரி கேட்டும் குமரன் காதில் அது விழுந்ததே இல்லை.

"கிளினிக்காம் கிளினிக்கு! சீனி வியாதிய வெச்சிக்கிட்டு, கடையில உக்காந்து தேத்தண்ணிக்குச் சீனி கூடக் கேட்டிருக்காரு மனுஷன்!" அம்மாவுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அடுத்தத போடு தம்பி, இன்னும் எங்கெங்க போய் உக்காந்திருந்தாருன்னு பார்க்கிறேன்."