எட்டணா டச்சிங்

மச்சில் கறையான் ஏறிவிட்டது என்று பழைய பெட்டியை இறக்கிய அன்றுதான் அந்தப் புத்தகம் கோமதி ஆச்சியின் கைக்கு வந்தது. புத்தகம் என்றால் கடையில் வாங்கியதில்லை. ஆச்சியின் மாமியார் வாராவாரம் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து அட்டை ஒட்டியது. அந்த மயில்துத்தத்தின் புண்ணியம், கறையான் இதைத் தொடவில்லை. மேலே இருந்த அகராதியைத்தான் ‘ம’ வரைக்கும் தின்றிருந்தது.

முப்பத்தொன்றாம் அத்தியாயத்தில் ஒரு போட்டோ இருந்தது.

ஹாஃப் பிளேட் சைஸ், கறுப்பு வெள்ளை, ஓரம் பழுத்திருந்தது. பத்தொன்பது இருபது வயதுப் பெண் ஒருத்தி நாற்காலி முதுகில் கைவைத்து நிற்கிறாள். கழுத்தில் இரண்டு வடச் சங்கிலி, தலையில் கனகாம்பரமாக இருக்க வேண்டும். பின்னால் வளைவும் படிக்கட்டும் அன்னமும் வரைந்த திரை. திருப்பிப் பார்த்தாள். பெயர் இல்லை, தேதி இல்லை, ஸ்டுடியோ முத்திரைகூட இல்லை.

முத்திரை ஆச்சிக்குத் தேவையும் இல்லை. அந்த அன்னத்தின் கழுத்தில் ஒரு ஒட்டு இருந்தது. எலி கடித்த இடத்தில் அவள் புருஷன் துணி வைத்து ஒட்டி வெள்ளையடித்தது. கோவில்பட்டியில் காலண்டர் சாமிப் படம் வரைந்த கொண்டையராஜுவிடம் தொழில் பழகிய ஒருவர் வந்து பத்து நாள் தங்கி வரைந்து கொடுத்த திரை என்று மாமனார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். ஆக, படம் எடுத்தது அம்பாசமுத்திரத்தில், இவர்கள் ஸ்டுடியோவில்தான். எலி கடித்தது ஆச்சி கல்யாணமாகி வந்த மறு வருஷம், 1967. இதற்கு அப்புறம்தான் படம்.

“அப்ப ரிஜிஸ்டர்ல பாத்தா தெரிஞ்சிருமே?” என்றான் பேரன் சங்கர்.

“ரிஜிஸ்டரு, நெகட்டிவு எல்லாத்தையும் ஆறு கொண்டு போயிட்டுல்லா.”

1992 நவம்பர் வெள்ளம். தாமிரபரணி கடைக்குள் வந்து, இருபத்தைந்து வருஷத்து முகங்களை ஒரே ராத்திரியில் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனது. புருஷன் அதற்கப்புறம் பாஸ்போர்ட் சைஸ் தவிர வேறெதுவும் எடுக்கவில்லை.

புத்தகத்தின் முன்னட்டை உள்பக்கத்தில் மாமியார் கையெழுத்தில் ஒரு பட்டியல் இருந்தது. மகராசி, கடன் கொடுத்த புத்தகத்துக்குக் கணக்கு வைக்காமல் விடமாட்டாள். ராஜம் டீச்சர். தபால்கார வீட்டு லட்சுமி. மேலத்தெரு கோலப்பன் சம்சாரம். கடைசியாக, கீழத்தெரு பேச்சி, வாங்கியது 4.8.68, தந்தது 19.8.68. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. கடைசியாக வாங்கினவள் வீட்டில்தான் போட்டோ புகுந்திருக்க வேண்டும். முன்னாலேயே இருந்திருந்தால் அடுத்துப் படித்தவள் எடுத்துக் கொடுத்திருப்பாளே.

பேச்சியம்மாளுக்கு இப்போது எண்பத்தோரு வயது. பீடித் தட்டை மடியில் வைத்தபடி, இலையைக் கீழே போடாமல், படத்தை முகத்துக்கு நேரே நீட்டி, பக்கத்தில் இழுத்து, மறுபடி நீட்டிப் பார்த்தாள்.

“சினிமாக்காரி மாதிரி இருக்கா மதினி. நம்ம தெருவுல இப்பிடி லட்சணமா யாரும் கெடையாதே.”

“ஒன் கையிலருந்து வந்த புஸ்தகத்துலதான்ட்டி இருந்துச்சு.”

“நான் வாக்கப்பட்டு வந்ததே அறுபத்தெட்டு தையிலதான். இவளப் பாத்ததே இல்ல.”

மற்ற மூன்று பேர்? ராஜம் டீச்சர் போய்ச் சேர்ந்தாயிற்று. லட்சுமி மகன் வீட்டோடு ஓசூரில், வீடியோ காலில் படத்தைக் காட்டினால் “யாரு, நானா?” என்று கேட்டாள். கோலப்பன் சம்சாரம் கேட்காமலேயே இரண்டு மணி நேரம் தன் மருமகளைப் பற்றிச் சொன்னாள். சங்கர் படத்தை வாட்சப்பில் நான்கு குழுக்களுக்கு அனுப்பினான். ‘அருமை’ என்று பதினாறு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள்.

ஒரு முகத்தை ஊரே மறந்துபோகுமா? ஆச்சிக்கு அதுதான் உறுத்தியது. அழகான பெண் என்றால் நாலு பேருக்காவது நினைவிருக்கும். பொறாமையிலாவது இருக்கும்.

அன்று மத்தியானம் புருஷனுடைய பூதக்கண்ணாடியைத் தேடியெடுத்துக்கொண்டு வடக்கு ஜன்னலில் உட்கார்ந்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வைத்த கண்ணாடியை எடுக்கவில்லை.

இங்கே தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து நெகட்டிவில் முகத்தில் இருக்கும் பள்ளம் தெளிந்து கண்ணாடி மாதிரி இருக்கும்; அப்படியே பிரிண்ட் போட்டால் கரும்புள்ளியாக விழும். அதனால் டர்பன்டைனில் குங்கிலியம் கரைத்து நெகட்டிவில் லேசாகத் தேய்த்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் அந்தப் பள்ளத்தை நிரப்புவார்கள். இதற்குப் பெயர் டச்சிங். மாமனார் சின்னச் சின்ன வட்டமாகப் போடுவார். புருஷன் குறுக்குக் கோடு. கோலம் போட்ட கை நடுங்காது என்று மாமனார் பத்தொன்பது வயது மருமகளை மேசைக்கு உட்கார வைத்தபோது, அவள் கைக்கு வந்தது கமா. குட்டிக் குட்டிக் கமாவாக வரும். நாளெல்லாம் கமா. வந்ததில் பாதி பெரியம்மைத் தழும்பு முகங்கள்தான். 1977இல் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தபோது, “ஒன் வேலைக்கும் உலை வச்சுட்டான்” என்று புருஷன் சிரித்தது ஆச்சிக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அன்று பிரிண்ட் என்பது நெகட்டிவோடு தாளை ஒட்டிவைத்துப் போடுவது. பெரிதாக்குவதில்லை. அதனால் பென்சில் கோடு அழியாமல் அப்படியே தாளுக்கு வந்துவிடும், தேடத் தெரிந்தவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி.

அந்தப் பெண்ணின் கன்னம் முழுக்கக் கமாவாக இருந்தது. நெற்றியில், மூக்கின் மேல், தாடையில். இவள் போட்ட கமா.

ஆச்சி கண்ணாடியைக் கீழே வைத்தாள். பேச்சி சொன்னது சரிதான். இப்படி ஒருத்தி தெருவில் நடந்ததே இல்லை.

“ஏல சங்கரு, இத ஜெராக்ஸ் கடையில குடுத்துப் பெரிசு பண்ணிட்டு வா. பழைய பென்சில் ஒண்ணும், பிளேடும் எடு.”

இரண்டு நாள் ஆனது. வலது கையில் பூதக்கண்ணாடி, படத்தின் மேல். இடது கை கன்னத்தில். ஒரு கமாவைப் பார்ப்பாள், அது எவ்வளவு நீளம், எத்தனை அடுக்கு என்று எண்ணுவாள். மூன்று அடுக்கு என்றால் ஆழமான பள்ளம். அப்புறம் கண்ணாடியை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்து ஜெராக்ஸில் அதே இடத்தில் ஒரு புள்ளி வைப்பாள், கீழ் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் அழுத்தி. கை நடுங்கியது. நடுங்கினால் பரவாயில்லை, அம்மைத் தழும்பு என்ன அளவெடுத்தா விழுகிறது. இடது புருவத்தின் வால் பக்கம் மட்டும் கமா இல்லை; நெகட்டிவைக் கத்திமுனையால் சுரண்டினால் பிரிண்டில் கறுப்பாக விழுகிற கீறல்கள் நெருக்கமாக இருந்தன. அங்கே புருவமே இருந்திருக்காது என்று புரிய ஆச்சிக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. பிளேடால் பாதிப் புருவத்தைச் சுரண்டி எடுத்தாள்.

நிமிர்ந்து பார்த்த சங்கர், “இப்பதான் ஆச்சி ஒரு ஆள் மாதிரி இருக்காங்க” என்றான்.

மறுபடியும் கீழத்தெரு. இந்தத் தடவை பேச்சியம்மாளின் மடியிலிருந்து பீடித் தட்டு சரிந்தது.

“இது நம்ம செண்பகம்லா! என் நாத்தனா! எப்ப மதினி எடுத்தது இது?”

செண்பகம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கல்லிடைக்குறிச்சியில் இருந்தாள். ஆட்டோவில் பாலத்தைக் கடக்கும்போது, என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று ஆச்சி யோசித்துக்கொண்டே வந்தாள். ஒன்றும் வரவில்லை.

வாசலில் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. வெயிலில் நின்று காக்கா விரட்டிக்கொண்டிருந்தவளுக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. தழும்புகள் சுருக்கங்களோடு கலந்து, எது அம்மை போட்டது, எது வயசு போட்டது என்று பிரிக்க முடியாத முகம். பாதிப் புருவம் மட்டும் அப்படியே.

சங்கர் இரண்டையும் நீட்டினான். அவள் போட்டோவைத்தான் முதலில் வாங்கினாள்.

“எங்க கெடந்துச்சு?”

“எங்க அத்தை பைண்டு பண்ணுன கதைப் புஸ்தகத்துல.”

“ஆமா. நான்தான் வச்சேன்.” கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “இது மூணு ஊருக்குப் போயிட்டு வந்த படம்லா. மாப்ள வீட்ல படத்தப் பாத்துப் பிடிச்சுப்போயி நேர்ல வருவாங்க. ஒரு தடவ ஒரு கெழவி என் தாடையப் பிடிச்சு வெளிச்சத்துப் பக்கமா திருப்புனா. படத்தப் பாத்தா, என்னப் பாத்தா. கேசரியத் தொடாம எந்திரிச்சுட்டாங்க. எங்கம்மா படத்த மட்டும் பத்தரமா முருகர் படத்துக்குப் பின்னால சொருவி வச்சா. நாலாவதா தரகர் வாராருன்னு சொன்ன அன்னைக்கு, பேச்சி படிச்சுட்டுக் கெடந்த புஸ்தகத்துல வச்சேன். அவ மறுநா திருப்பிக் குடுத்துட்டா.”

“கேட்டு வாங்கலியா?”

“வாங்குனா மறுபடி அனுப்புவாளே. ஒரு காப்பிதான் போட்டது. இன்னொண்ணு போட எங்கப்பா காசு தரமாட்டேன்னுட்டாரு.” சிரித்தாள். “அப்புறம் முப்பது வயசுல இவுகளுக்கு ரெண்டாந்தாரமா வந்தேன். இவுக போட்டோ கேக்கல.”

ஆச்சி சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“செண்பகம், அந்த டச்சிங் பண்ணுனது நான்தான்.”

செண்பகம் நிமிர்ந்தாள். ஆச்சியின் கையைப் பார்த்தாள், முகத்தை அல்ல. அப்புறம் ஜெராக்ஸை வாங்கி, அதிலிருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். இடது கன்னத்தில் வந்ததும் நின்றாள்.

“இங்க ஒண்ணு விட்டுட்டீங்க.”

ஆச்சி பையிலிருந்த பென்சிலை எடுத்து நீட்டினாள். செண்பகம் திண்ணையில் தாளை வைத்து அதை அவளே போட்டாள்.

“டச்சிங்குக்கு எவ்வளவு வாங்குனீங்க அப்ப?”

“எட்டணா.”

“எட்டணாவா? எங்கம்மா எங்கப்பாகிட்ட ரெண்டு ரூவா வாங்குனாளே!”

“எட்டணாதான். எங்க மாமனார் போர்டுலயே எழுதிப் போட்டிருந்தாரு.”

செண்பகம் விரல் விட்டு எண்ணினாள். “மிச்சம் ஒண்ணரை ரூவா… ஏ அம்மா! எனக்கு ஸ்னோ டப்பா வாங்கித் தந்தாளே, அந்த வாரம்.”

அப்பளத்தில் காக்கா இறங்கியது. யாரும் விரட்டவில்லை.