தோற்றவன் செலவு

வெள்ளிக்கிழமை மாலை யாருடைய ஃபோனில் அடிகள் குறைவோ, அவன் கொத்து வாங்கித் தரவேண்டும். நிரோஷனுக்கும் ரிஸ்வானுக்கும் இடையில் அதுதான் ஒப்பந்தம்.

நிரோஷன் 100ஆம் நம்பர் பஸ்ஸைக் கைவிட்டு, கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வீட்டுக்கு மரைன் டிரைவ் வழியே நடந்தான். இராத்திரி கணக்குக் குறைந்தால் மொட்டைமாடியில் சுற்றுவான். ரிஸ்வானோ தெமட்டகொடையிலிருந்து வருகிறவன். கணக்காளர் பகுதியில் கால் ஆட்டிக்கொண்டு ஃபோனை ஏமாற்றப் பார்த்தும் 6,000ஐத் தாண்டவில்லை.

"மச்சான், மாசக் கடைசியில என்னைக் கொல்லாதே," என்பான். ஆனாலும் வாரந்தவறாமல் சீஸ் கொத்து வந்தது. வென்றவன் பார்சலைப் பாதியில் வைப்பதில்லை.

காசு இறுக, ரிஸ்வான் வேறிடத்தில் கைவைத்தான். நாலு மணிக்கு வரும் இரண்டு ரோல்ஸ், ஒரு மாலு பண், டின்பால் ஊற்றிய தேநீர் எல்லாம் நின்றன. வீட்டிலிருந்து கடலை அவித்து டப்பாவில் கொண்டுவந்தான். பகல் சோற்றுப் பார்சலிலும் பாதிச் சோற்றை ஒதுக்கி, பருப்பையும் கீரைச் சுண்டலையும் காலி செய்தான். உடம்பைப் பற்றிய நினைப்பே அவனுக்கு இல்லை.

அலுவலக மருத்துவப் பரிசோதனை வந்தது. ரிஸ்வான் நாலு கிலோ இறங்கியிருந்தான். நிரோஷன் ஒரு கிலோ ஏறியிருந்தான்.

"தராசு பிழை," என்றான் நிரோஷன்.

டொக்டர் சிரிக்கவில்லை. "10,000 அடி நடந்தால் உங்கள் உடம்புக்கு 300, 400 கலோரி செலவாகும், தம்பி. ஒரு சீஸ் கொத்தில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். நடந்து களைத்து வந்து வீட்டில் என்ன சாப்பிடுகிறீர்கள்?"

நிரோஷன் பதில் சொல்லவில்லை. பாணும் சம்பலும், பின்னால் ஒரு சோடாவும். நடந்தோம்தானே என்ற தைரியம்.

"ஆனால் நடையை விட்டுவிடாதீர்கள். பிரஷர் 138ஆக இருந்தது, இப்போது 128. படியேறும்போது மூச்சு வாங்குகிறதா?"

"இல்லை."

"அவருக்கு வாங்கும்," என்று ரிஸ்வானைக் காட்டினார். ரிஸ்வான் முகம் சுருங்கிப் போனது. எடை குறைந்த பெருமை அரை நிமிடம்கூட நிலைக்கவில்லை, பாவம்.

மறுநாள் நாலு மணி. தேநீர்த் தட்டோடு வந்த அண்ணனிடம் நிரோஷன், "எனக்குப் பிளேன்டீ," என்றான்.

"சீனி?"

"அரைக் கரண்டி." பக்கத்தில் திரும்பி, "இனிக் கரண்டியையும் பந்தயத்தில சேர்ப்பமா?"

"விடு மச்சான். அடியும் எண்ணி, சீனியும் எண்ணினா நாங்க வேலை செய்யுறது எப்ப?" ரிஸ்வான் கடலை டப்பாவை நடுவில் தள்ளினான். "இண்டைக்கு பம்பலப்பிட்டி வரைக்கும் நானும் வாறன். மெதுவா நட."

"மெதுவா நடந்தா நீ தோப்பாய்."

"வெள்ளிக்கிழமை கொத்து ஒண்டுதான். ரெண்டு பேருக்கும் பாதி பாதி. காசும் பாதி."

"அது சரிவராது," என்றான் நிரோஷன், கடலையை அள்ளிக்கொண்டே. "காசு தோத்தவனுக்குத்தான்."