அடக்கவிலைக் கணக்கியல் தாள்: எந்தப் பகுதிகள் தேர்வுக்கு உண்டு?

24.05.2026

மதிப்பிற்குரிய பாட ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம் மேடம். நான் பி.காம். தொலைநிலைப் பிரிவு இரண்டாம் ஆண்டு, தமிழ்வழி மாணவன். திருப்பூரில் ஒரு பின்னலாடைக் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறேன். ஜூன் 14 ஞாயிறு அன்று அடக்கவிலைக் கணக்கியல் தேர்வு. ஏப்ரலில் நடந்த நேர்முக வகுப்புகளில் முதல் நாளுக்கு வந்தேன். இரண்டாம் நாள் ஷிப்மென்ட் இருந்ததால் வர முடியவில்லை. தேர்வுக்கு உரிய பகுதிகளை அன்றுதான் சொன்னதாக நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனால் மூன்று பேரிடம் கேட்டால் மூன்று விதமாகச் சொல்கிறார்கள், அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

குழப்பம் எங்கே என்றால், கையில் இருக்கும் அச்சிட்ட கையேட்டில் 15 பாடங்கள் உள்ளன. இணையத்தில் போட்டிருக்கும் திருத்திய பாடத்திட்டம் ஒரே பக்கம்தான், அதில் அலகுத் தலைப்புகள் மட்டும் இருக்கின்றன. "ஒப்பந்த அடக்கவிலை" என்று ஒரு வரி போட்டிருந்தால், கையேட்டில் அதற்குள் இருக்கும் ஆறு உட்பிரிவுகளில் எது உண்டு, எது இல்லை என்று தெரியவில்லை.

பாடம் 4-இல் சரக்கு மதிப்பீடு. ஃபிஃபோ, சராசரி முறை இரண்டும் தினமும் நான் பார்ப்பதுதான், பயமில்லை. லிஃபோவுக்கு மட்டும் 11 பக்கம், நான்கு கணக்கு. கணக்கியல் தரநிலை 2-இல் அந்த முறைக்கு இடமில்லை என்று அதே பாடத்தின் அடிக்குறிப்பிலேயே போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் லிஃபோவில் கணக்குக் கேட்பார்களா, அல்லது குறிப்பு எழுதும் அளவுக்குப் படித்தால் போதுமா?

பாடம் 6-இல் ஊக்க ஊதியம். ஹால்சி, ரோவன் இரண்டும் போட்டுப் பார்த்துவிட்டேன். பத்து மணி நேர வேலையை எட்டு மணி நேரத்தில் முடித்தால், மணிக்கு 60 ரூபாய் வீதம் ஹால்சியில் 540, ரோவனில் 576 வருகிறது. சரிதானே? அப்புறம் வரும் டெய்லர், மெரிக் வேறுபட்ட துண்டு வீத முறைகள் தேர்வுக்கு உண்டா என்பது மட்டும் தெரிய வேண்டும்.

பெரிய தலைவலி பாடம் 10, ஒப்பந்த அடக்கவிலை. முடிவடையாத ஒப்பந்தத்தில் எவ்வளவு லாபத்தைக் கணக்கில் எடுப்பது என்பதற்கு, வேலை கால் பங்கு முடிந்து அரைக்குக் குறைவாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு, பாதி அல்லது அதற்கு மேல் முடிந்திருந்தால் மூன்றில் இரண்டு பங்கு என்று விதி கொடுத்திருக்கிறது. இரண்டிலும் ரொக்கம் வந்த விகிதத்தால் பெருக்க வேண்டும். இதுவரை புரிகிறது. ஆனால் அடுத்த பக்கத்து மாதிரிக் கணக்கில் ஒப்பந்த மதிப்பு 20 லட்சம், சான்றளித்த வேலை 8 லட்சம், பெற்ற ரொக்கம் 6,40,000, கருத்தியல் லாபம் 90,000. அதாவது 40 சதவீதம்தான் முடிந்திருக்கிறது. விதிப்படி எனக்கு 24,000 வருகிறது, விடையில் 48,000 என்று இருக்கிறது. மூன்றில் இரண்டு எடுத்திருக்கிறார்கள் போல. இரண்டு நாள் இரவு நான்தான் தப்பு என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இது அச்சுப் பிழையா, இல்லை நான் எதையாவது விட்டுவிட்டேனா? பகுதி தேர்வுக்கு உண்டு என்றால் இதையும் சொல்லுங்கள்.

பாடம் 11, செயல்முறை அடக்கவிலை. இயல்பான நட்டம், அசாதாரண நட்டம் வரை தயார். சாயப் பட்டறைக்குத் துணி போய்வரும்போது எடை குறைவதைக் கண்ணால் பார்க்கிறவன் என்பதால் இது தானாகவே ஏறிவிட்டது. கடைசி உட்பிரிவான ஈக்விவலன்ட் யூனிட் கணக்குகளுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருக்கிறது. அந்தக் குறிக்கு என்ன பொருள் என்று கையேட்டில் எங்கும் சொல்லவில்லை. விட்டுவிடலாமா?

பாடம் 13 முதல் 15 வரை திருத்திய பாடத்திட்டத்தில் தலைப்பே இல்லை. அவை தேவையில்லை என்று எடுத்துக்கொள்கிறேன், தவறென்றால் திருத்துங்கள்.

நீளமாகப் பதில் எழுத நேரமிருக்காது என்று தெரியும். பாட எண்ணும் உட்பிரிவு எண்ணும் போட்டு "உண்டு", "இல்லை" என்று இரண்டு வரி அனுப்பினாலே போதும் மேடம். இந்த சனிக்கிழமை எனக்கு விடுப்பு, அதற்குள் தெரிந்தால் அன்றே ஒப்பந்தக் கணக்கில் உட்கார்ந்துவிடுவேன். பதில் வரும்வரை பாடம் 5, மேற்செலவைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அது எப்படியும் வரும்தானே.

நன்றி.

இப்படிக்கு,
ச. கார்த்திகேயன்
சேர்க்கை எண் 24BC0417