காத்திருப்பு நேரம் குறித்த உங்கள் புகாருக்குப் பதில்

டர்பன்
27 ஆகஸ்ட் 2025

பொருள்: 4 ஆகஸ்ட் 2025, திங்கட்கிழமை, மருத்துவ வெளிநோயாளர் பிரிவில் ஏற்பட்ட காத்திருப்பு

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். புகார்ப் பெட்டியில் நீங்கள் போட்ட கடிதம் 7 ஆகஸ்ட் அன்று எங்கள் கைக்கு வந்தது. கிடைத்தது என்று 12-ஆம் தேதி உங்களுக்குத் தெரிவித்தோம். உங்கள் ஃபைல், ரிஜிஸ்ட்ரி பதிவேடு, மருந்தகத்தின் நேர முத்திரைகள் மூன்றையும் எடுத்துப் பார்த்து, அன்று பணியில் இருந்த சிஸ்டரிடமும் மருந்தாளரிடமும் விசாரித்த பிறகே இதை எழுதுகிறேன்.

விடியற்காலை 5.40-க்கு வாசலுக்கு வந்து மாலை 4.05-க்கு மருந்துப் பையோடு போயிருக்கிறீர்கள். 71 வயதில், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள ஒருவர் பத்து மணி நேரத்துக்கு மேல் மரப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கக் கூடாது. மருத்துவமனையின் சார்பில் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நேரத்தைவிட எனக்குக் கவலை தந்தது உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கம். பன்னிரண்டரை மணி வாக்கில் கை நடுங்கியது, வியர்த்தது, பக்கத்தில் இருந்தவர்தான் சிஸ்டரைக் கூப்பிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது எடுத்த சர்க்கரை 3.6 என்று ஃபைலில் இருக்கிறது. 4-க்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. காலையில் கிளிமிபிரைட் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ‘ரத்தம் எடுப்பார்கள்’ என்று வெறும் வயிற்றோடு வந்ததுதான் காரணம். அந்த மாத்திரை சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு எழுதியிருந்த, கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனைக்கும் சிறுநீரகச் சோதனைக்கும் பட்டினி தேவையே இல்லை. இதை உங்கள் கார்டிலேயே எழுதித் தந்திருக்க வேண்டும், தரவில்லை. இனி வெறும் வயிறு தேவைப்படும் சோதனை என்றால் மட்டும் கார்டில் அப்படி எழுதுவோம். எழுதாவிட்டால் சாப்பிட்டுவிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு வாருங்கள். கையில் இரண்டு துண்டு ரொட்டியும் கொஞ்சம் சர்க்கரையும் இருக்கட்டும். நடுக்கம் வந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள். கால் மணி கழித்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும். இதற்கு வரிசை கிடையாது.

இனி, நேரம் எங்கே போயிற்று என்று சொல்கிறேன்.

ரிஜிஸ்ட்ரி ஏழு மணிக்குத் திறந்தது, 7.10-க்கு உங்களுக்கு எண் கிடைத்தது. ஃபைல் வந்ததோ 8.45-க்கு. உங்கள் பெயரில் இரண்டு ஃபைல்கள் இருந்தன. ஒன்றில் குடும்பப் பெயர் முன்னால், மற்றதில் உங்கள் சொந்தப் பெயர் முன்னால், எழுத்துக்கூட்டலும் வேறு. நம் தமிழ்க் குடும்பங்களில் இது அடிக்கடி நடக்கிறது. ஊழியர் தப்பான அலமாரியில் தேடிக்கொண்டிருந்தார். இரண்டையும் ஒன்றாக்கி, உங்கள் 13 இலக்க அடையாள எண்ணின் கீழ் வைத்துவிட்டோம். ஆகவே அடுத்த முறை பெயரைச் சொல்வதோடு நிற்காமல் அடையாள அட்டையையும் காட்டுங்கள்.

9.05-க்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள். அதன் பிறகு 1.10 வரை மருத்துவருக்காகக் காத்திருந்தீர்கள். அன்று 96 பேர் பதிவு செய்திருந்தார்கள். ஒருவருக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும், மூன்று மருத்துவர்கள் இருந்தால் ஐந்து மணி இருபது நிமிட வேலை. இருவர் என்றால் எட்டு மணி நேரம். பத்து மணிக்கு ஒருவரை கேஷுவல்டிக்கு அழைத்துக்கொண்டார்கள். அதை யாரும் உங்களிடம் வந்து சொல்லவில்லை. கடிதத்தில் நீங்கள் இதைத்தான் அதிகம் குறைப்பட்டிருக்கிறீர்கள், நியாயம்தான். இனி மருத்துவர் எண்ணிக்கை குறைந்தால் மணிக்கொரு முறை சிஸ்டர் காத்திருப்போர் முன் நின்று, இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று சொல்வார். ஆங்கிலமும் ஜூலுவும் புரியாதவர்களிடம் நேரில் போய்ச் சொல்லவும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்குப் பின்னால் வந்த ஒருவரை முதலில் உள்ளே அனுப்பியதாகவும் எழுதியிருந்தீர்கள். அவருடைய விவரத்தை நான் சொல்ல முடியாது. ஆனால் முறையைச் சொல்ல வேண்டும். நாடித்துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம், உடல் வெப்பம், நினைவு, நடக்க முடிகிறதா என்பதையெல்லாம் பார்த்து ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் தருகிறோம். சிவப்பு என்றால் உடனே. ஆரஞ்சு என்றால் பத்து நிமிடத்துக்குள். நெஞ்சுவலி இதில் வரும். மஞ்சள் ஒரு மணி நேரத்துக்குள். பச்சை நான்கு மணி நேரத்துக்குள். காலையில் நீங்கள் பச்சை; நடுக்கம் வந்தபோது அந்த நிறத்தை மாற்றியிருக்க வேண்டும். சிஸ்டர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார், நிறத்தை மாற்றவில்லை. மாற்றியிருந்தால் அப்போதே உள்ளே போயிருப்பீர்கள். இதைப் பிரிவின் தலைமைச் சிஸ்டரோடு பேசி, தாழ்சர்க்கரை வந்தவரை மறுபடி மதிப்பிட்டே ஆக வேண்டும் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறோம்.

மருந்தகத்தில் 1.25-லிருந்து 4.05 வரை ஆனது. பாதி நேரம் கூட்டம்: எல்லா மருத்துவர்களின் சீட்டுகளும் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில்தான் அங்கே குவிகின்றன. மீதி, உங்கள் சீட்டில் கொழுப்புக்கான சிம்வாஸ்டாடின் மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்று எழுதாமல் விட்டதால். ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபினோடு சேர்த்துக் கொடுக்கும்போது அதன் அளவில் கவனம் வேண்டும். மருந்தாளர் ஊகித்துக் கொடுக்காமல் மருத்துவரிடம் திருப்பி அனுப்பியது சரியே. ஆனால் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு உங்களையே நடக்க விட்டிருக்கக் கூடாது. இனி மருந்தகமே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளும்.

உங்கள் மருந்து செப்டம்பர் 28 வரை வரும். 24-ஆம் தேதி பாரம்பரிய தின விடுமுறை, மறுநாள் கூட்டம் நெரியும். ஆதலால் செப்டம்பர் 23, செவ்வாய், காலை 9 மணிக்கு உங்களுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறேன். ஐந்தரைக்கு வர வேண்டாம், 8.45-க்கு வந்தால் போதும். ஃபைலை முந்தின நாளே எடுத்து வைப்பார்கள். ரத்தம் மட்டும் 16-ஆம் தேதி உங்கள் பக்கத்துக் கிளினிக்கில் கொடுத்துவிடுங்கள். சீட்டு இத்துடன் இருக்கிறது. முடிவு முன்கூட்டியே வந்துவிட்டால் மருத்துவர் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அன்றைக்கும் உங்கள் அளவுகள் கட்டுப்பாட்டில் இருந்தால், நாள்பட்ட நோய்களுக்கான மருந்து வினியோகத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். சேர்ந்துவிட்டால் மருந்துப் பொட்டலம் உங்கள் வீட்டுக்குப் பக்கத்து மருந்துக் கடைக்கோ வேறு வழங்குமிடத்துக்கோ வந்துவிடும். தயாரானதும் கைபேசிக்குச் செய்தி வரும். அதனால் சரியான எண் ஃபைலில் இருக்க வேண்டும். இப்போது இருப்பது உங்கள் மகனின் பழைய எண் என்று நினைக்கிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள். பொட்டலம் வாங்க நீங்கள் நம்பும் ஒருவரை நியமிக்கவும் முடியும்.

எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டோம் என்று சொல்லமாட்டேன். கேஷுவல்டிக்கு ஆள் தேவைப்பட்டால் வெளிநோயாளர் பிரிவிலிருந்து மருத்துவரை எடுக்கும் நிலை இன்னும் இருக்கிறது. கூடுதல் பணியிடம் கேட்டு மாகாணச் சுகாதாரத் துறைக்கு எழுதும்போது உங்கள் புகாரையும், உங்கள் பெயர் இல்லாமல், இணைத்திருக்கிறேன்.

இந்தப் பதில் போதாது என்று தோன்றினால் முதலில் என்னை வந்து பாருங்கள். முதல் மாடி, 4-ஆம் அறை, செவ்வாயும் வியாழனும் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை. மகளையோ மகனையோ அழைத்து வரலாம். அதன் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும், புகார்களை விசாரிக்கும் தேசியச் சுகாதார ஓம்பட் அலுவலகத்துக்கும் போக உங்களுக்கு உரிமை உண்டு. புகார் செய்ததால் உங்கள் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது.

இப்படிக்கு,
தலைமை நிர்வாக அலுவலர்

இணைப்பு: ரத்தப் பரிசோதனைச் சீட்டு, 23 செப்டம்பர் நேரக் கார்டு
நகல்: வெளிநோயாளர் பிரிவுத் தலைமைச் சிஸ்டர், மருந்தக மேலாளர்